எழுபத்தாறு என்று எழுதினேன்

மட்டாஞ்சேரியில் ஒரு டாக்டரிடம் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று கேட்டால் நாடி எண்ணுகிற வேலை என்று சொல்வேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஐம்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆண் டாக்டரிடம் கையை நீட்டவே கூசுவார்கள். தமிழ்த் தெருப் பெண்கள் மட்டுமில்லை, குஜராத்தி வீட்டு அம்மாக்கள், கொங்கணி வீட்டுச் சேச்சிகள், பர்தா போட்ட கச்சி முஸ்லிம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அதே கூச்சம்தான். கம்பவுண்டரும் ஆண். அதனால் பத்தாம் வகுப்புத் தேறி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என்னை டாக்டர் கூப்பிட்டு, பெண்களுக்கு எடை பார்க்கவும் நாடி எண்ணவும் பழக்கினார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் முழுக்க என் ராஜ்யம்.

ராஜ்யம் என்றால் பின்பக்கத்து அறை, ஒரு திரை, ஒரு பெஞ்சு. திரைக்குப் பின்னால் எடை பார்க்கும் இயந்திரம். அது சுக்கு வியாபாரி ஒருவரின் கிடங்கிலிருந்து பழசாக வாங்கியது. மூட்டை வைக்கும் பலகை மேல் பெண்கள் ஏறி நிற்பார்கள். எத்தனை கழுவியும் சுக்கு வாசனை போகவில்லை. ஏறுகிற ஒவ்வொருத்தியும், 'என்னையும் கப்பலேத்தப் போறியா' என்று ஒரே பரிகாசத்தைப் புதிதாகச் சொல்வது போலச் சொல்வாள். நானும் புதிதாகக் கேட்பது போலச் சிரித்து வைப்பேன்.

நாடி எண்ண எனக்குக் கடிகாரம் கிடையாது. வினாடி முள் வைத்த கைக்கடிகாரம் டாக்டரிடம் மட்டும் இருந்தது. எனக்குக் கொடுத்தது ஒரு மணற்குப்பி. கவிழ்த்தால் மேலிருந்து கீழே மணல் கொட்டி முடிய அரை நிமிஷம். அதுவரை எண்ணி, இரண்டால் பெருக்கி, நோயாளியின் அட்டையில் ஒரு தடவை, எங்கள் பதிவேட்டில் ஒரு தடவை எழுத வேண்டும். சாயங்காலம் டாக்டர் பதிவேட்டைப் புரட்டுவார். எண்கள் சரியாக இருந்தால் அந்தப் பெண்ணைக் கூப்பிட மாட்டார். அவள் அடுத்த மாசம் மறுபடி என்னிடம் வந்தால் போதும். அதாவது டாக்டருக்கு அந்தப் பெண்கள் எல்லாம் நான் எழுதிய எண்கள்தான். இதை எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது.

உடம்பு பெருத்து மூச்சு வாங்குகிறது என்று வருகிற பெண்களுக்கு டாக்டர் மருந்தை விடப் பத்தியத்தைத்தான் அதிகம் சொல்வார். சோற்றைப் பாதியாக்கு, வாழைக்காய் வறுவலை மற, காலையில் படகுத்துறை வரை நடந்து போய் வா. நாடி எதற்கு என்று நான் ஆரம்பத்திலேயே கேட்டேன். உடம்பு பெருத்தால் அத்தனை சதைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டிய வேலை இதயத்துக்குக் கூடுகிறது, நரம்புகளும் அதை முடுக்கிக்கொண்டே இருக்கின்றன, அதனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நாடி கொஞ்சம் வேகமாகவே ஓடும் என்றார். எடை இறங்கினால் அதுவும் இறங்கும். ஆனால் அவசரப்படாதே என்று எச்சரித்தார். முதல் சில வாரங்களில் ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு மாசம் போனால் நாலு துடிப்பு, ஆறு துடிப்பு குறையும். நன்றாக நடக்கிறவளுக்கு இன்னும் கொஞ்சம் குறையலாம். அதுவும் நேர்கோடாக இறங்காது. ஒரு மாசம் இரண்டு ஏறும், அடுத்த மாசம் நாலு இறங்கும்.

அதோடு இரண்டு காரியங்களை மறக்கவே கூடாது என்றார். பட்டினி கிடந்து வேகமாக மெலிகிறவளுக்கு நாடி மிகவும் மந்தமாகி, எழுந்தால் தலை சுற்றும். அவளைச் சாப்பிடச் சொல்லி என்னிடம் அனுப்பு. எடை இறங்க இறங்க நாடி ஏறுகிறதா, அன்றைக்கே என்னைக் கூப்பிடு, அது மெலிகிற மெலிவு இல்லை, வேறு ஏதோ உள்ளே உடம்பைத் தின்கிறது என்று அர்த்தம். இதை அவர் என்னிடம் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னார். பின்னால் நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாசமோ என்னவோ, ஒரு சேட்டு வீட்டு அம்மாளுக்கு நூற்றுப் பத்து எண்ணிவிட்டு, பதறியடித்துக்கொண்டு முன்னறைக்கு ஓடி டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார். அந்த அம்மாள் வெயிலில் வேகமாக நடந்து, மாடிப்படி ஏறி, அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷம் உட்கார வைத்தாயா என்று கேட்டார். வைக்கவில்லை. உட்கார வைத்து எண்ணினால் எண்பத்தாறு. முன்னறையில் இருந்த இருபது பேர் கேட்க என்னைத் திட்டினார். தலை குனிந்து நின்றேன். கம்பவுண்டர் சேட்டன் மருந்து கலக்கிக்கொண்டே சிரித்தான். இனி இந்த மனுஷர் முன்னால் இப்படி நிற்க மாட்டேன் என்று அன்றைக்கு மனசுக்குள் வைராக்கியமாக வைத்துக்கொண்டேன். நல்ல வைராக்கியம்தான், போங்கள்.

இனி ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. புருஷன் முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய் வேலை. அக்கா வீட்டில் மாவு ஆட்டி, படகுத்துறையைச் சுற்றியிருந்த நாலைந்து சாயாக்கடைகளுக்கு இட்லி மாவும் தோசை மாவும் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயசு இருக்கும். குள்ளம், நல்ல பருமன். ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்தால் ஆட்டுக்கல் தெரியாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் வந்தாள். நூற்று எண்பத்து நாலு ராத்தல். நாடி எண்பத்தெட்டு.

அவளைப் போல ஒருத்தி டாக்டர் சொன்னதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. வறுவலை விட்டாள். காலையில் கடைகளுக்கு மாவு கொடுக்க வண்டிக்காரனை அனுப்புவதை நிறுத்திவிட்டுத் தானே தூக்குவாளியுடன் நடந்தாள். மூன்று மாசத்தில் நூற்று எழுபத்திரண்டு ராத்தல். நாடி எண்பத்திரண்டு. இந்த எண்கள் சத்தியமான எண்கள். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அவள் அட்டையை வாங்கி, பெஞ்சில் இருந்த மற்றப் பெண்களிடம் காட்டி, இப்படித்தான் இறங்க வேண்டும், மாசா மாசம், நிதானமாக என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்தக் குட்டி நன்றாகக் கவனிக்கிறாள் என்றும் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதன் பிறகு வருகிற பெண்கள் எல்லாம் அந்த அக்காவின் அட்டையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். அவளுக்கு என்ன சொன்னாய், எனக்கும் சொல்லு என்பார்கள். ஒரு குஜராத்தி அம்மாள் எனக்கு லட்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டு மெலிய வழி கேட்டாள். நான் ஏதோ பெரிய வைத்தியச்சி மாதிரி பேச ஆரம்பித்தேன். அம்மா வீட்டில், 'உன் மண்டைக்கனத்துக்கு உன்னை அந்தத் தராசுல ஏத்தணும்டி' என்றாள். எடை இறங்கினால் நாடி இறங்கும் என்பது எனக்கு ஒரு மந்திரம் போல ஆகிவிட்டது. அதன் கூடவே டாக்டர் சொன்ன மற்ற பாதி எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

நாலாம் மாசம் நல்ல மழை. அக்கா வந்தாள். நூற்று அறுபத்தைந்து ராத்தல். ஏழு ராத்தல் ஒரே மாசத்தில். பத்து நிமிஷம் உட்கார வைத்தேன், அதில் தப்பில்லை. கையைப் பிடித்தேன். உள்ளங்கை ஈரமாக, சூடாக இருந்தது. மழை பெய்து எல்லோரும் முந்தானையைப் போர்த்திக்கொண்டிருக்க, இவள் மட்டும் விசிறிக்கொண்டிருந்தாள். மணற்குப்பியைக் கவிழ்த்து எண்ணினேன். நாற்பத்தேழு. இரண்டால் பெருக்கினால் தொண்ணூற்று நாலு.

மறுபடி எண்ணினேன். அதே நாற்பத்தேழு. கூப்பிட வேண்டும் என்று ஒரு கணம் எழுந்தேன். அப்போது அந்த மழைக்காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றிலும் ஈரம் ஏறியிருந்தது ஞாபகம் வந்தது. உப்பு கரைந்தது, தீக்குச்சி பற்றவில்லை, பதிவேட்டுத் தாள் ஒட்டிக்கொண்டது. மணலிலும் ஈரம் ஏறியிருக்கும், அதனால் மெதுவாகக் கொட்டுகிறது, அதனால்தான் எண்ணிக்கை கூடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குப்பியை இரண்டு தட்டு தட்டினேன். முன்னறையில் நிறையப் பேர் இருந்தார்கள். எழுந்தவள் உட்கார்ந்துவிட்டேன். மூடி ஒட்டிய கண்ணாடிக்குள் ஈரம் எப்படிப் போகும் என்று யோசிக்கவில்லை. அதே செவ்வாய்க்கிழமை மற்றப் பெண்களுக்கு எண்ணிக்கை சரியாகத்தானே இருந்தது என்றும் யோசிக்கவில்லை. எண்பது என்று எழுதினேன்.

முதல் தடவை ஏமாந்தேன் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தாம் மாசம் நூற்று ஐம்பத்தேழு ராத்தல். அரை நிமிஷத்துக்கு ஐம்பத்திரண்டு. எழுபத்தெட்டு என்று எழுதினேன். அது ஏமாற்றம் இல்லை, பச்சைப் பொய். போன மாசம் எண்பது என்று எழுதிவிட்டு இந்த மாசம் நூற்று நாலு என்று எப்படி எழுதுவது? எழுதினால் டாக்டர் போன மாசத்தைக் கேட்பார். ஒரு பொய்க்குச் சப்பைக்கட்டு கட்ட இன்னொரு பொய். கையில் பேனா நடுங்கியதா என்று கேட்டால் இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கை நடுங்கியது அவளுக்கு. அட்டையை வாங்கும்போது அவள் விரல்கள் சன்னமாக ஆடின. பார்த்தேன். ஆட்டுக்கல் ஆட்டுகிற கை, அசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாம் மாசம் அவள் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு என் பக்கம் நகர்ந்து வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மோளே, ஒண்ணு சொல்றேன், டாக்டர்கிட்ட சொல்லிடாதே. பத்தியத்த விட்டு ரெண்டு மாசமாச்சு. பசி அடங்கவே மாட்டேங்குது. காலையில எட்டு இட்லி, பத்து மணிக்குக் கப்பக்கிழங்கு, மத்தியானம் முன்னே மாதிரியே சோறு. ஆனா பாரு, மெலிஞ்சுக்கிட்டேதான் போறேன்."

சொல்லிவிட்டுத் திருடி மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது அக்கா, நாங்கள் தின்றால் ஒட்டுகிறது, உங்களுக்குத் தின்றாலும் கரைகிறது என்று சொன்னேன். டாக்டரிடம் சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியமும் செய்து கொடுத்தேன். சாப்பிடுகிறவள் ஏன் மெலிகிறாள் என்ற கேள்வி ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன். தோன்றியதைத் தள்ளிவிட்டேன். எடை நூற்று ஐம்பது. எண்ணியது ஐம்பத்தாறு, அதாவது நூற்றுப் பன்னிரண்டு. எழுபத்தாறு என்று எழுதினேன்.

பதிவேட்டைப் பார்த்த டாக்டர் சாயங்காலம், எடை இறங்குகிற வேகம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே, நாடி எப்படி என்று வாய்விட்டுப் படித்தார். எழுபத்தாறு, ஆகட்டும், நடக்கிறாள் இல்லையா என்று பக்கத்தைப் புரட்டினார். நான் பக்கத்தில் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். பஞ்சைத்தான் சுருட்டினேன்.

ஏழாம் மாசத்துச் செவ்வாய்க்கிழமை வரவில்லை. அதற்கு முந்தின சனிக்கிழமையே காலையில் அவள் புருஷன் ஒரு சாயாக்கடைக்காரரோடு சேர்ந்து அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். மாவு கொடுக்கப் போன இடத்தில் படகுத்துறைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். மூச்சு விட முடியவில்லை. கால் வீங்கியிருந்தது. கூச்சம் கீச்சம் எதுவும் இல்லாமல் டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, நீ மணிக்கட்டில் எண்ணு, நான் நெஞ்சில் எண்ணுகிறேன் என்றார். ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினோம். துடிப்பு ஒன்று வந்தது, இரண்டு சேர்ந்து வந்தது, ஒன்று வரவேயில்லை, ஒரு ஒழுங்கும் இல்லை. எனக்கு நூற்றுப் பன்னிரண்டு. அவருக்கு நூற்று நாற்பத்தெட்டு. நெஞ்சில் அடிக்கிற அடியில் கால்வாசி கைக்கு வந்தே சேரவில்லை என்று அவர் தனக்குள் சொல்வது போலச் சொன்னார். பிறகு அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். முழுங்கச் சொன்னார். முன்கழுத்தில் ஒரு வீக்கம் மேலே ஏறி இறங்கியது. ஏழு மாசமாக எனக்கு எதிரில் இருந்த கழுத்து அது.

டாக்டர் அட்டையைக் கேட்டார். முந்தானை முடிச்சிலிருந்து அவள் புருஷன் எடுத்துக் கொடுத்தார். எண்பத்தெட்டு, எண்பத்திரண்டு, எண்பது, எழுபத்தெட்டு, எழுபத்தாறு. டாக்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா மூச்சிரைக்க முந்திக்கொண்டாள்.

"தப்பு என் மேல டாக்டரே. பத்தியத்த விட்டுட்டுத் தின்னேன், சொல்லாம மறைச்சேன். இந்தப் பிள்ள ஒழுங்காத்தான் பாத்தா. நான்தான் களவு பண்ணினேன்."

 அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம்.  சாகக் கிடக்கிற மாதிரி இருந்த ஒருத்தி என்னைக் காப்பாற்றிப் பேசுகிறாள், நான் கூனிக்குறுகி நின்று அதை வாங்கிக்கொள்கிறேன். படகு ஏற்பாடாகி எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோகும்வரை நான் அப்படியேதான் நின்றேன்.

எல்லோரும் போன பிறகு டாக்டர் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். இந்த எண்கள் எப்படி வந்தன என்று கேட்டார். மணல், ஈரம் என்று ஏதோ முனகினேன். அவர் மணற்குப்பியை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வினாடி முள் பாதி வட்டம் வந்தபோது மணலும் தீர்ந்தது.

"மணலுக்கு ஒரு குழப்பமும் இல்ல," என்றார். கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டே, "அவகிட்ட நான் சொல்லப் போறதில்ல. அது உன் காரியம்."

வேலையை விட்டுத் துரத்துவார் என்று நினைத்தேன். துரத்தியிருந்தால் வீட்டில் உட்கார்ந்து அழுது தீர்த்திருப்பேன். அவர் தன் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, இனிமேல் முழு நிமிஷம் எண்ணு, எண்ணியதை எழுது என்று மட்டும் சொன்னார். அதைக் கட்டிக்கொண்ட கை எனக்குப் பாரமாக இருந்தது.

அக்காவுக்குக் கழுத்துச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய். உடம்பு முழுக்க ஒரு அடுப்பை எரியவிட்ட மாதிரி, தின்பதையெல்லாம் எரித்து, சதையையும் எரித்து, இதயத்தையும் ஓட ஓட விரட்டும். மெலிவும் பசியும் வியர்வையும் கை நடுக்கமும் எல்லாம் அதுதான். மாத்திரை ஆரம்பித்ததும் முதலில் நாடிதான் இறங்கியது. ஆறு வாரத்தில் நூற்றுக்குக் கீழே, மூன்று மாசத்தில் எண்பத்து நாலு. அதற்குப் பிறகுதான் மெதுவாக எடை ஏறியது. நூற்று நாற்பத்தாறு வரை போனவள் ஒரு வருஷத்தில் நூற்று அறுபத்தெட்டுக்கு வந்தாள். மறுபடி பெருக்கிறேனே என்று அவள் பயந்தபோது டாக்டர், உனக்கு இப்போது எடை ஏறுவதும் நாடி இறங்குவதும் ஒரே நல்ல சேதி என்று சொல்லிப் புரியவைத்தார். மாசா மாசம் எழுதினது நான்தான். முழு நிமிஷம் எண்ணி எழுதினேன்.

ஒன்று மட்டும் திரும்பவில்லை. துடிப்பின் ஒழுங்கு. சிலருக்குச் சுரப்பி அடங்கினதும் அதுவும் சரியாகிவிடுமாம். இவளுக்கு ஆகவில்லை. அதற்குத் தினமும் ஒரு மாத்திரை. மூன்று மாசம் முன்னாலேயே தெரிந்திருந்தால் தப்பியிருக்குமா என்று ஒரு நாள் டாக்டரைக் கேட்டேன். தப்பியிருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மாவு ஆட்டக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அவள் புருஷன் விடியற்காலையில் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து ஆட்டிவிட்டு முனிசிபாலிட்டி வேலைக்குப் போனார். தெருவில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அந்த வழியாகப் போவதை விட்டுவிட்டுச் சுற்றிப் போனேன். ஆனால் செவ்வாய்க்கிழமை அவள் வருவாள். கையை நீட்டுவாள். 'நீ பாத்தாத்தான் எனக்குத் திருப்தி' என்பாள். அப்படி ஏழு வருஷம்.

அறுபதுகளில் ராத்தல் போய்க் கிலோ வந்தது. சுக்கு வியாபாரியின் தராசு போய் வட்டமுகம் வைத்த புது இயந்திரம் வந்தது. அக்கா எழுபத்தொன்பது கிலோவுக்கு ஏறியிருந்தாள். பழைய கணக்கில் நூற்று எழுபத்து நாலு ராத்தல். எழுபத்தெட்டில் நின்றிருந்த நாடி எண்பத்தாறுக்கு வந்திருந்தது. சுரப்பி அடங்கித்தான் இருக்கிறது, இது வெறும் சதை ஏறினதால் வந்த வேகம், கெட்டுப்போன இதயத்துக்கு இந்தப் பாரம் ஆகாது, நிதானமாகக் குறை என்று டாக்டர் சொன்னார். அக்கா கேட்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போவாள், அடுத்த மாசம் ஒரு கிலோ கூட வரும். மூச்சு மறுபடி வாங்க ஆரம்பித்தது. டாக்டருக்குக் கோபம் வந்தது. ஏன் என்று நான் அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தெருவுக்குப் போனது அன்றைக்குத்தான்.

அவள் சொன்ன பதில் என்னை உட்கார வைத்துவிட்டது. போன தடவை பத்தியம் இருந்துதான் எனக்கு எல்லாம் வந்தது, அதையும் களவாக முறித்தேன், அதற்குத் தண்டனையாக இதயம் போச்சு, இனி மெலிகிற பேச்சே வேண்டாம் என்றாள். பெருத்தே சாகிறேன், மெலிந்து சாக மாட்டேன் என்றாள். ஏழு வருஷமாக அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தது என் மௌனம்.

சொன்னேன். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. நாற்பத்தேழு, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தாறு என்று எண்ணியதையும், எண்பது, எழுபத்தெட்டு, எழுபத்தாறு என்று எழுதியதையும் சொன்னேன். மணலைச் சொன்னேன், லட்டைச் சொன்னேன், டாக்டர் புகழ்ந்ததைச் சொன்னேன். பத்தியத்தால் வந்தது இல்லை, நீங்கள் தின்றதால் வந்ததும் இல்லை, நோய் வந்தது தானாக, தெரியாமல் போனது என்னால் என்று சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதேன்.

அவள் திட்டவில்லை. எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தப் பழைய அட்டை இருந்தது. அதைப் பத்திரமாக வைத்திருப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கடைசி எண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"அப்பல்லாம் படுத்தா நெஞ்சு அடிக்கிறது காதுக்குள்ள கேக்கும்," என்றாள். "எழுந்து உக்காந்து இந்த அட்டையப் பாப்பேன். எழுபத்தாறுன்னு இருக்கும். சரி, அந்தப் பிள்ள எண்ணி எழுதியிருக்கா, எனக்குத்தான் பிரமைன்னு மறுபடி படுத்துப்பேன்."

 சாயா குடித்துவிட்டுப் போ என்றுகூடச் சொல்லவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தாள். பத்தியம் ஆரம்பித்துவிட்டதாக டாக்டரிடம் சொன்னாள். சொன்னபடியே எட்டு மாசத்தில் ஏழு கிலோ குறைத்தாள். முதல் இரண்டு மாசம் நாடி அசையவேயில்லை, பிறகு இரண்டிரண்டாக இறங்கி எண்பதுக்கு வந்தது. டாக்டர் சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. மூச்சு வாங்குவதும் குறைந்தது.

அந்த எண்கள் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அட்டையில் பார்த்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரவில்லை. இயந்திரத்தில் ஏறி இறங்கினாள். பத்து நிமிஷம் கழித்து எழுந்து, திரையை விலக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய், அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருக்க, டாக்டரிடம் கையை நீட்டினாள். அன்றையிலிருந்து அவள் நாடியை அவர்தான் எழுதினார். நான் எடையை மட்டும் எழுதினேன்.